வேலை நேரம் மாறுதுன்னு ஒரு மெமோ போடணும், போட்டதும் வரப்போற கேள்விக்கெல்லாம் அதுலயே பதில் இருக்கணும்: எப்படி எழுதுறது?

28 ஜூன் 2024, இரவு 10.40 / பீன்யா ஆபிஸ்

பெங்களூர் பீன்யா செகண்ட் ஸ்டேஜ்ல வால்வு பார்ட்ஸ் செய்யற சின்ன கம்பெனி, மொத்தம் 44 பேர், அட்மின், சம்பளம், எச்ஆர் எல்லாம் நான் ஒருத்திதான். இப்ப வேலை நேரம் 9.00 டு 5.30, அத 7.30 டு 4.00ன்னு மாத்தப் போறோம். காரணம் இதுதான், எங்க சரக்குல பாதிக்கு மேல ஒரே கஸ்டமருக்கு போகுது, அவங்க வண்டி இதுவரைக்கும் சாயங்காலம் 6.30க்கு வந்துச்சு, இனிமே 4 மணிக்கே வரும்னு சொல்லிட்டாங்க, அதுக்குள்ள க்யூசி முடிஞ்சு பேக்கிங் ஆகணும். 15 ஜூலைல இருந்து மாத்திடலாம்னு ஓனர் சொல்றார்.

நான் எழுதினது இது:

"நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு 15.07.2024 முதல் வேலை நேரம் காலை 7.30 முதல் மாலை 4.00 வரை என மாற்றியமைக்கப்படுகிறது. உணவு இடைவேளை வழக்கம்போல் 1.00 முதல் 1.30 வரை. அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இத ஒட்டினா பத்து நிமிஷத்துல என் டேபிள் முன்னாடி கூட்டம் நிக்கும். 2022ல சனிக்கிழமை லீவ மாத்தினப்ப அப்படித்தான் ஆச்சு, ஒரே கேள்விக்கு முப்பது தடவ பதில் சொன்னேன், அதுலயும் முதல் ஆளுக்கு ஒண்ணு கடைசி ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டேன், அதனால ரெண்டு பேருக்குள்ள சண்டையே வந்துச்சு. இந்த தடவ அப்படி ஆகக்கூடாது. என்னென்ன கேப்பாங்கன்னு முன்னாடியே எப்படி தெரிஞ்சுக்கறது?

28 ஜூன், 11.15 / மாட்டுங்கா மைந்தன்

மும்பைல இருக்கேன். எனக்கும் இதே பிரச்சனைதான், ஆபிஸ் 10 டு 7, டோம்பிவலில இருந்து லோக்கல்ல அந்த கூட்டத்துல ஏறவே முடியல. மேனேஜருக்கு மெயில் போடுங்க, நான் 8.30க்கு வந்து 5.30க்கு கிளம்பறேன்னு. ரெண்டு வாரம் டிரையல்னு கேளுங்க, ஒத்துப்பாங்க. எனக்கு ஒத்துக்கிட்டாங்க.

28 ஜூன், 11.30 / பீன்யா ஆபிஸ்

அண்ணா, நான் நேரத்த மாத்த சொல்லி கேக்கல, நான்தான் எல்லாருக்கும் மாத்தறேன். ஆனா நீங்க சொன்ன டிரையல் நல்லா இருக்கு, குறிச்சு வச்சிக்கறேன்.

29 ஜூன், காலை 6.05 / ராஜாஜிநகர் பெரியவர்

அம்மா, நான் பீன்யாலயும் ராஜாஜிநகர்லயும் 31 வருஷம் பர்சனல் டிபார்ட்மெண்ட்ல இருந்தவன். உங்க மெமோல ரெண்டு ஓட்டை இருக்கு, கேள்வி பதிலுக்கெல்லாம் போறதுக்கு முன்னாடி இத அடைங்க.

ஒண்ணு, லஞ்ச். 7.30க்கு ஆரம்பிச்சு 1 மணிக்கு சாப்பாடுன்னா அஞ்சரை மணி நேரம் ஒரே மூச்சுல வேலை. ஃபேக்டரிஸ் ஆக்ட் 55வது செக்ஷன் அஞ்சு மணி நேரத்துக்குள்ள குறைஞ்சது அரை மணி ரெஸ்ட் குடுக்கணும்னு சொல்லுது. நடுவுல பத்து நிமிஷம் டீ குடுத்தா அது ரெஸ்ட் கணக்குல வராது, அரை மணி முழுசா வேணும். நேரத்த முன்னாடி தள்ளறவங்க எல்லாரும் செய்யற தப்பு இது, ஆரம்பத்தையும் முடிவையும் நகர்த்திட்டு லஞ்ச அதே இடத்துல விட்டுடுவாங்க. 12.00 டு 12.30ன்னு போடுங்க. முன்னாடி நாலரை மணி, பின்னாடி மூணரை, மொத்தம் எட்டு, ஆறு நாளைக்கு 48. சரியா வரும்.

ரெண்டாவது, தேதி. 15 ஜூலை நடக்காது. இண்டஸ்ட்ரியல் டிஸ்ப்யூட்ஸ் ஆக்ட் 9ஏ, நாலாவது ஷெட்யூல். வேலை நேரமும் ரெஸ்ட் நேரமும் அந்த லிஸ்ட்ல இருக்கு. தொழிலாளிக்கு நோட்டீஸ் குடுத்து 21 நாள் முடிஞ்சாத்தான் மாத்தலாம்.

29 ஜூன், 9.20 / ஜேபி நகர் கன்சல்டண்ட்

சார் சொல்றது பழசு. கர்நாடகாவுல 2023ல ஃபேக்டரிஸ் ஆக்ட திருத்திட்டாங்க, இப்ப ஆறு மணி நேரம் தொடர்ச்சியா வேலை வாங்கலாம், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் கூட. 1 மணி லஞ்ச் தாராளமா வைக்கலாம். 21 நாள் எல்லாம் யூனியன் இருக்கற பெரிய கம்பெனிக்குத்தான்.

29 ஜூன், 9.55 / ராஜாஜிநகர் பெரியவர்

தம்பி, திருத்தம் வந்தது நிஜம். ஆனா அது தானா எல்லா ஃபேக்டரிக்கும் பொருந்திடாது. அரசாங்கம் நோட்டிஃபை பண்ணணும், தொழிலாளி எழுத்துல சம்மதம் தரணும், வாரத்துக்கு 48க்கு மேல போகக்கூடாது. இந்தம்மா அந்த ஸ்கீம்ல போகல, சாதாரண எட்டு மணி நேர ஷிஃப்டத்தான் நகர்த்தறாங்க. அரை மணி நேரத்த நகர்த்தினா தீர்ற விஷயத்துக்கு எதுக்கு அந்த தலைவலி.

9ஏ-வுக்கு யூனியன் இருக்கணும்னு எங்கயும் இல்ல. 44 பேர் இருந்தாலும் பொருந்தும். சூப்பர்வைசர், மேனேஜர் மாதிரி தொழிலாளி கணக்குல வராதவங்களுக்கு அந்த நோட்டீஸ் கட்டாயம் இல்ல, அந்த ஒரு விஷயம் வேணா சொல்லலாம்.

அம்மா, இன்னொண்ணு. நோட்டீஸும் மெமோவும் ரெண்டு தனித்தனி காகிதம். நோட்டீஸ் சட்டத்துக்கு, அதுல வளவளன்னு எழுதாதீங்க. மெமோ மனுஷங்களுக்கு. ரெண்டையும் ஒண்ணாக்கப் போனா ரெண்டுமே கெட்டுடும். கேட்டுல மாட்டியிருக்கற வேலை நேர போர்டையும் மாத்தணும், மாத்தறதுக்கு முன்னாடியே இன்ஸ்பெக்டருக்கு ரெண்டு காபி போகணும்.

29 ஜூன், மதியம் 2.10 / பீன்யா ஆபிஸ்

ஓனர்கிட்ட 21 நாள் பத்தி சொன்னேன், முதல்ல கோபப்பட்டார், அப்பறம் கஸ்டமருக்கு போன் போட்டு பேசினார், ஆகஸ்ட் முதல் வாரம் வரைக்கும் 6.30க்கே வண்டி அனுப்பறோம்னு சொல்லிட்டாங்க. 8 ஜூலை திங்கக்கிழமை நோட்டீஸ். 29 ஜூலையோட 21 நாள் முடியுது. 5 ஆகஸ்ட் திங்கக்கிழமை ஆரம்பம்.

லஞ்ச் 12.00. எங்க ஆளுங்க ஆறரைக்கே வீட்ட விட்டு கிளம்பணும், பாதிப் பேர் சாப்பிடாம வருவாங்க, அதனால 9.30க்கு ஒரு கால் மணி டிஃபன் பிரேக்கும் கேட்டேன், சம்பளம் பிடிக்காம. ஒத்துக்கிட்டார்.

என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கு, என்ன கேப்பாங்கன்னு எப்படி தெரிஞ்சுக்கறது.

29 ஜூன், இரவு 8.30 / யஷ்வந்த்பூர் அக்கா

கார்மெண்ட்ஸ்ல லைன் சூப்பர்வைசரா இருக்கேன். டேபிள்ல உக்காந்து யோசிச்சா உனக்கு வர்ற கேள்விதான் வரும், உனக்கு ஸ்கூட்டி இருக்கும், வீடு பக்கத்துல இருக்கும். நான் என்ன பண்ணுவேன்னா மூணு பேர கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்து கேப்பேன். ரொம்ப தூரத்துல இருந்து வர்றவங்க ஒருத்தர், ஸ்கூல் போற வயசுல புள்ள இருக்கறவங்க ஒருத்தர், சாயங்காலம் வேற வேலைக்கு போறவங்க ஒருத்தர். "இப்படி மாத்தினா உனக்கு என்ன ஆகும்"னு மட்டும் கேளு. நீ நடுவுல பேசாத. அவங்க சொல்றத அவங்க வார்த்தையிலயே எழுதிக்கோ.

2 ஜூலை, இரவு 9.50 / பீன்யா ஆபிஸ்

அக்கா சொன்ன மாதிரியே செஞ்சேன், இத கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

தூரத்து ஆள், ஓசூர் பக்கத்துல இருந்து டெய்லி வர்றவர். அவர் நேரத்த பத்தி கவலையே படல, மெட்ரோ அஞ்சு மணிக்கே ஓட ஆரம்பிச்சிடுது, மெஜஸ்டிக்ல இருந்து பீன்யா இண்டஸ்ட்ரிக்கு சீட்டே கிடைக்கும்னார். நான் பெருசா எழுதி வச்சிருந்த மெட்ரோ பாராவ அப்படியே அடிச்சிட்டேன். அவர் கேட்டது வேற: "மேடம், 3ம் தேதி ஆடிப்பெருக்கு, 4ம் தேதி ஆடி அமாவாசை, சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஊர்ல இருப்போம், திங்கக்கிழமை விடிகாலை பஸ் புடிச்சுத்தான் வருவோம், அன்னைக்கா 7.30?" எங்க ஷாப்ல தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க பன்னெண்டு பேர். ஆரம்ப தேதி மொதல்ல இடிக்கற இடம் அதுதான். 6 ஆகஸ்ட் செவ்வாய்க்கு மாத்தியாச்சு.

குழந்தை இருக்கற அம்மா, லக்கெரெல இருந்து வர்றவங்க, கன்னடத்துல கேட்டாங்க, "மகன்ன யாரு ஸ்கூலிகெ பிட்தாரெ?" பையன ஸ்கூல்ல யாரு விடுவாங்க. அவங்களுக்கு ஸ்கூல் 8.45. அதோட நிறுத்தல. சக்தி ஸ்கீம்ல பஸ் ஃப்ரீ, ஆனா அவங்க ரூட்ல காலைல அந்த நேரத்துக்கு பஸ் கம்மி, ஷேர் ஆட்டோல வந்தா அந்த காசு யாரு தருவாங்க?

மூணாவது ஆள் சாயங்காலம் 6.30க்கு மேல டெலிவரி வேலை பாக்கறவர். இவர் சந்தோஷப்படுவார்னு நெனச்சேன். அவர் கேட்டதுதான் என்ன தூங்க விடல: "நேரம் மாறட்டும் மேடம், ஓ.டி. என்னாகும்?"

நான் மெமோல "சம்பளத்தில் எந்த மாற்றமும் இல்லை"ன்னு எழுதி வச்சிருந்தேன். அது நிஜம்தான். ஆனா வண்டி 6.30க்கு வந்ததாலதான் டெய்லி கொஞ்ச பேர் ஒரு மணி நேரம் கூட இருந்தாங்க. வண்டி 4 மணிக்கு போயிடுச்சுன்னா அந்த ஒரு மணி நேரம் இல்ல. ரெஜிஸ்டர எடுத்து பாத்தேன். ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசத்துக்கு ஷாப் ஆளுங்களுக்கு சராசரி மாசம் 14 மணி நேரம் ஓ.டி. மாசம் 18,200 வாங்கறவர எடுத்துக்குங்க, 26 நாளால வகுத்தா நாளைக்கு 700, மணிக்கு 87.50, ஓ.டி. டபுள்ங்கறதால 175. 14 மணிக்கு 2,450 ரூபா. அவர் கைக்கு வர்ற காசுல அது பெரிய பங்கு.

"சம்பளத்தில் மாற்றம் இல்லை"ங்கற வரிய படிச்சுட்டு வீட்ல போய் ஒண்ணும் குறையாதுன்னு சொல்லுவார். செப்டம்பர் முதல் வாரம் சம்பளம் கைக்கு வரும்போது நான் பொய் சொல்லிட்டேன்னுதான் நினைப்பார். அந்த வரிய அப்படியே விட எனக்கு மனசு வரல.

2 ஜூலை, 10.20 / ஜேபி நகர் கன்சல்டண்ட்

ஓ.டி. என்பது உரிமை இல்லையே, வேலை இருந்தா குடுப்பாங்க. அத மெமோல எழுதினா நீங்களே ஒரு பிரச்சனைய கிளப்பி விடற மாதிரி. கேட்டா பதில் சொல்லிக்கலாம்.

2 ஜூலை, 10.45 / ஓசூர் லேத்

நான் வேற கம்பெனில மெஷின் ஓட்டறவன், ஆபரேட்டரா சொல்றேன் சார். நீங்க எழுதலைன்னா நாங்க யோசிக்க மாட்டோம்னு நினைக்காதீங்க. நோட்டீஸ் பாத்ததும் முதல் அஞ்சு நிமிஷத்துல நாங்க போடற கணக்கே அதுதான். மெமோல அது இல்லைன்னா மறைக்கறாங்கன்னு அர்த்தம், அப்பறம் அதுல இருக்கற மத்ததையும் நம்ப மாட்டோம். உரிமையா இல்லையான்னு எனக்கு தெரியாது, வட்டி கட்டற தேதி மட்டும் தெரியும்.

3 ஜூலை, காலை 5.50 / ராஜாஜிநகர் பெரியவர்

லேத் தம்பி சொல்றது சரி. கன்சல்டண்ட் தம்பி சொன்னதுலயும் பாதி நிஜம் இருக்கு, இத்தன மணி நேரம் ஓ.டி. கட்டாயம் குடுக்கணும்னு சட்டம் சொல்லல. ஆனா செஞ்சா டபுள்னு 59வது செக்ஷன் சொல்லுது. இவங்களுக்கு வாரம் 48 ஏற்கனவே ரொம்பிடுது, ஆறு நாளும் வந்தவர் 4.00க்கு மேல இருந்தா அது ஓ.டி.தான். "5.30 வரைக்கும் பழைய நேரம்தானே"ன்னு யாராவது மேஸ்திரி சொல்லிடுவான் பாருங்க. 4.00ல இருந்துன்னு மெமோல எழுதிடுங்க.

4 ஜூலை, இரவு 11.05 / பீன்யா ஆபிஸ்

ஓனர்கூட ஒரு மணி நேரம் பேசினேன். "ஓ.டி. குறையும்"னு எழுத அவருக்கு இஷ்டமே இல்ல, ஆளுங்க வேற கம்பெனி தேடுவாங்கன்னு பயம். எழுதலைன்னா ஒரு மாசம் கழிச்சு கோபத்தோட தேடுவாங்கன்னு சொன்னேன். எவ்வளவு குறையும்னு நம்பர் போட மட்டும் ஒத்துக்கல, அவருக்கே இன்னும் தெரியல, அதுல நியாயம் இருக்கு. கடைசில இப்படி முடிவாச்சு: குறையும்னு எழுதறோம், ஆகஸ்ட் கணக்கு பாத்துட்டு 10 செப்டம்பருக்குள்ள நம்பர ஒட்டறோம். பதில் தெரியாத கேள்விக்கு, எந்த தேதிக்குள்ள யாரு பதில் சொல்லுவாங்கன்னு எழுதினா அதுவும் ஒரு பதில்தான்னு எனக்கு அப்பதான் பட்டுச்சு. "பரிசீலனையில் உள்ளது"ன்னு எழுதறதுல தேதியும் இல்ல ஆளும் இல்ல.

ஷேர் ஆட்டோ காசு குடுக்க மாட்டேன்னுட்டார். அதையும் இல்லன்னே எழுதிட்டேன்.

7 ஜூலை, ஞாயிறு, மதியம் 3.30 / பீன்யா ஆபிஸ்

நாளைக்கு ஒட்டப் போறது இது. நோட்டீஸ் தனியா இங்லீஷ்லயும் கன்னடத்துலயும், லேபர் ஆபிஸுக்கும் காபி போகுது. இந்த மெமோ கன்னடம், தமிழ், இந்தி மூணுலயும், ஏன்னா ஒடிசா, பீகார் பசங்க ஒம்பது பேர் இருக்காங்க. தமிழ் காபி:

"6 ஆகஸ்ட் 2024, செவ்வாய்க்கிழமை முதல் வேலை நேரம் காலை 7.30 – மாலை 4.00. இப்போது 9.00 – 5.30. எல்லா டிபார்ட்மெண்டுக்கும், ஆபிஸுக்கும் சேர்த்து.

ஏன்? சரக்கு எடுக்கும் வண்டி இனி 6.30க்கு பதில் 4.00க்கு வருகிறது. அதற்குள் செக்கிங்கும் பேக்கிங்கும் முடிய வேண்டும்.

மொத்த நேரம் கூடுகிறதா? இல்லை. அதே 8 மணி நேரம் வேலை, அரை மணி சாப்பாடு. சாப்பாடு 12.00 – 12.30. டிஃபன் பிரேக் 9.30 – 9.45, இதற்கு சம்பளம் பிடிக்க மாட்டோம்.

சம்பளம் குறையுமா? மாதச் சம்பளம் குறையாது. ஓ.டி. குறையும். வண்டிக்காக இருந்த சாயங்கால ஓ.டி. இனி இருக்காது. எவ்வளவு குறைந்தது என்று ஆகஸ்ட் கணக்கைப் பார்த்து 10 செப்டம்பருக்குள் இதே போர்டில் போடுவோம். 4.00க்கு மேல் யாரை இருக்கச் சொன்னாலும் அது ஓ.டி., டபுள் ரேட்.

லேட் எப்போதிலிருந்து? 7.40 வரை லேட் இல்லை. ஆகஸ்ட் மாதம் முழுக்க 8.00 வரை வந்தாலும் சம்பளம் பிடிக்க மாட்டோம், எல்லாருக்கும் பழக்கம் வரட்டும்.

குழந்தையை ஸ்கூலில் விட வேண்டும், என்ன செய்வது? 9.00 – 5.30 நேரத்திலேயே தொடரலாம். 20 ஜூலைக்குள் ஆபிஸில் பெயர் கொடுக்கவும். பேக்கிங்கில் இருப்பவர்களுக்கு இது முடியாது, அவர்களுக்கு வேறு டிபார்ட்மெண்ட் மாற்றித் தர முடியுமா என்று தனியாகப் பேசுவோம்.

ஆட்டோ காசு கிடைக்குமா? கிடைக்காது.

அரை நாள் லீவு? 12.00 வரை முதல் பாதி. 12.30 முதல் இரண்டாம் பாதி.

6ம் தேதி லீவில் இருந்தால்? லீவு முடிந்து வரும் நாளிலிருந்து புது நேரம்.

இதில் இல்லாத கேள்வியை ஆபிஸ் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதவும், பெயர் வேண்டாம். மூன்று நாளைக்குள் அதே பக்கத்தில் பதில் இருக்கும்."

7 ஜூலை, 4.15 / ஓசூர் லேத்

அக்கா, நல்லா இருக்கு, ஒண்ணு மட்டும் இடிக்குது. அரை நாள். முதல் பாதி நாலரை மணி நேரம், ரெண்டாவது பாதி மூணரை. லீவு எடுக்கறவன் எல்லாம் காலைலதான் எடுப்பான். மதியம் வந்து மூணரை மணி நேரம் வேலை பாத்தா அரை நாள் ஆச்சுல்ல.

7 ஜூலை, 6.00 / பீன்யா ஆபிஸ்

பழைய நேரத்துல ரெண்டு பக்கமும் நாலு நாலு மணி நேரம், அதனால இது என் கண்ணுல படவே இல்ல. 11.30ன்னு போட்டா சமமா வரும், ஆனா மதியம் வர்றவர் அரை மணி வேலை பாத்துட்டு உடனே சாப்பிட உக்காரணும், மெஷின் செட்டிங்குக்கே அந்த அரை மணி போயிடும். பெரியவர் என்ன சொல்றீங்க?

7 ஜூலை, 7.40 / ராஜாஜிநகர் பெரியவர்

நான் இருந்த ஒரு இடத்துல 11.30, இன்னொரு இடத்துல லஞ்ச்தான் கோடு. ரெண்டுலயும் முணுமுணுப்பு இருந்துச்சு. எதையாவது ஒண்ண போட்டுட்டு மூணு மாசம் மஸ்டர பாருங்க, காலை லீவு நிஜமாவே ஏறுதான்னு.

8 ஜூலை, இரவு 10.10 / பீன்யா ஆபிஸ்

12.00ன்னே போட்டேன். ஒட்டியாச்சு. கூட்டம் வரல. படிச்சாங்க, நின்னு பேசினாங்க, நாலு பேர் ஓ.டி. வரிய விரல் வச்சு காட்டி பேசிக்கிட்டு இருந்தாங்க, மூஞ்சில சந்தோஷம் இல்ல, ஆனா யாரும் என்கிட்ட வந்து "நிஜமா"ன்னு கேக்கல. எழுதியிருக்கறதாலதான்னு நினைக்கறேன்.

11 ஜூலை, இரவு 9.00 / பீன்யா ஆபிஸ்

நோட்டுல ஏழு கேள்வி. நாலு மெமோவுலயே இருக்கு, ஆனா இந்தி காபில லேட் பாரா விட்டுப்போச்சு, டைப் பண்ணின இடத்துல பக்கம் மாறினப்ப. மூணு மொழில போட்டா ஒவ்வொண்ணுலயும் கேள்விய எண்ணிப் பாக்கணும், நான் எண்ணல.

மத்த மூணுல ஒண்ணு எனக்கு வெக்கமா போச்சு. ஹவுஸ்கீப்பிங் அம்மா ஏஜென்சி ஆள். "எல்லா டிபார்ட்மெண்டுக்கும்"னு எழுதினேனே, அவங்களுக்கு சொன்னேனா? யாரோ அவங்களுக்காக எழுதியிருக்காங்க: "நாங்க 7.30க்கு வரணும்னா அவங்க 6.45க்கு வரணும், அந்த நேரத்துக்கு அவங்க எப்படி வருவாங்க?" செக்யூரிட்டி ஷிஃப்ட் மாத்தற நேரமும் அதேதான். 44 பேர்னு எண்ணும்போது இவங்க மூணு பேர் என் எண்ணிக்கையிலேயே இல்ல.

11 ஜூலை, 9.30 / ஜேபி நகர் கன்சல்டண்ட்

காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஏஜென்சிதானே சொல்லணும், உங்க வேலை இல்ல அது.

11 ஜூலை, 9.50 / யஷ்வந்த்பூர் அக்கா

ஏஜென்சி சொல்லுவான், முதல் நாள் ராத்திரி போன்ல. நீ சொல்லிடு கண்ணு.

12 ஜூலை / பீன்யா ஆபிஸ்

சொல்லிட்டேன். ஏஜென்சிக்கும் எழுதினேன். அந்தம்மா சாயங்காலமே பெருக்கி வச்சிட்டு போறேன், காலைல 8 மணிக்கு வரேன்னாங்க. சரின்னு சொல்லிட்டோம்.

6 ஆகஸ்ட், இரவு 10.30 / பீன்யா ஆபிஸ்

இன்னைக்கு முதல் நாள். 7.40க்குள்ள 36 பேர், 8 மணிக்குள்ள இன்னும் நாலு பேர். ஸ்கூல் பசங்க இருக்கற மூணு பேர் பழைய நேரம். ஒருத்தர் லீவு.

சொதப்பல் வேற இடத்துல. பஞ்சிங் மெஷின் சாஃப்ட்வேர்ல ஷிஃப்ட் டைமிங் பழசே இருந்துச்சு. 4 மணிக்கு பஞ்ச் வச்சவங்க அத்தன பேரும் "அரை நாள்"னு விழுந்துட்டாங்க. ஒருத்தர் செல்போன்ல மெசேஜ் பாத்துட்டு கேட்டுல இருந்து திரும்பி ஓடி வந்தார். நான் ஆளுங்களோட கேள்விய எல்லாம் யோசிச்சேன், மெஷின யோசிக்கல. ராத்திரி உக்காந்து மாத்தினேன், பழைய நேரத்துல இருக்கற மூணு பேருக்கு தனி ஷிஃப்ட். நாளைக்கு போர்டுல ஒட்டணும்: 6ம் தேதி யாருக்கும் அரை நாள் இல்ல.

7 ஆகஸ்ட் / மாட்டுங்கா மைந்தன்

எங்க ஆபிஸ்லயும் இதே ஆச்சு, என்னோட 8.30 டைமிங்க சிஸ்டம்ல ஏத்தாம மூணு மாசம் ஏர்லி கோயிங் போட்டு வச்சிருந்தாங்க. மொத மாச சம்பள ஸ்லிப்ல பாத்து சொல்லிடுங்கன்னு மெமோலயே ஒரு வரி போடலாம்.

7 ஆகஸ்ட் / பீன்யா ஆபிஸ்

நல்ல வரி அண்ணா. இந்த மாச ஸ்லிப்போட சேத்து ஒட்டறேன்.

9 செப்டம்பர், இரவு 9.40 / பீன்யா ஆபிஸ்

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே ஒட்டிட்டேன். ஓ.டி. சராசரி 14ல இருந்து 6 மணி நேரமா குறைஞ்சிருக்கு. அந்த 18,200 சம்பளக்காரருக்கு 2,450 வந்த இடத்துல 1,050. மாசம் 1,400 ரூபா நஷ்டம். நம்பர எழுதும்போது கை கொஞ்சம் தயங்குச்சு.

ரெண்டு பேர் பேப்பர் போட்டுட்டாங்க. ஒருத்தர் அந்த டெலிவரி வேலை பாக்கறவர். போகும்போது "முன்னாடியே சொன்னீங்க, அதனாலதான் தேட டைம் கிடைச்சுது"ன்னார். ஓனர் பயந்தது நடந்துடுச்சு, நான் எழுதினதாலயா, எப்படியும் நடந்திருக்குமான்னு அவரும் நானும் இன்னும் ஒத்துப்போகல.

4 நவம்பர் / பீன்யா ஆபிஸ்

பெரியவர் சொன்ன மாதிரி மஸ்டர் பாத்தேன். மூணு மாசத்துல அரை நாள் லீவு 31, அதுல காலை 19, மதியம் 12. லேத் தம்பி சொன்ன பக்கம்தான் சாயுது, ஆனா 11.30க்கு மாத்தற அளவுக்கு இருக்கான்னு தெரியல. பழைய நேரத்துல எப்படி இருந்துச்சுன்னு தனித்தனியா நான் குறிக்கவே இல்ல, ஒப்பிட வழி இல்ல.

14 டிசம்பர் 2025, காலை 6.20 / ராஜாஜிநகர் பெரியவர்

இந்த இழைய இப்ப தேடி வர்றவங்களுக்கு. 21 நவம்பர் 2025ல இருந்து நாலு லேபர் கோடும் அமலுக்கு வந்தாச்சு. 9ஏ இருந்த இடத்துல இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் கோட் 40வது செக்ஷன் வந்திருக்கு. 21 நாள் அப்படியே இருக்கு, வேலை நேரமும் லிஸ்ட்ல இருக்கு. நான் சொன்ன மத்த செக்ஷன் நம்பர்கள அப்படியே எடுத்து எழுதாதீங்க, இன்னைக்கு இருக்கறத பாத்துட்டு எழுதுங்க.

14 டிசம்பர், இரவு 8.10 / பீன்யா ஆபிஸ்

நல்லவேள சொன்னீங்க. எங்களுக்கு மறுபடி வேலை வந்திருக்கு, பிப்ரவரில இருந்து கால் மணி பின்னாடி போறோம், 7.45 டு 4.15, வண்டி நேரம் 4.30 ஆயிடுச்சு. நேத்து டீ வாங்கிக் குடுத்து மூணு பேர்கிட்ட கேட்டேன், இந்த தடவ ஹவுஸ்கீப்பிங் அம்மாவையும் சேத்து நாலு. நோட்டீஸ் ஜனவரி முதல் வாரம். பஞ்சிங் மெஷின்ல புது ஷிஃப்ட இப்பவே ஏத்தி வச்சிட்டேன்.

14 டிசம்பர், 8.25 / ஓசூர் லேத்

லஞ்ச நகர்த்தினீங்களா அக்கா?

14 டிசம்பர், 8.30 / பீன்யா ஆபிஸ்

12.15. அரை நாள் கோடு எங்கன்னு மட்டும் இன்னும் முடிவாகல.